மோதித் திரும்பும் பந்து: மினி கோல்ஃப் தடத்தைக் கணிப்பது எப்படி?

விடுமுறைக்குப் போன இடத்தில் மட்டையும் பந்தும் வாடகைக்கு எடுத்து மினி கோல்ஃப் ஆடுகிறவர், 18 குழிகளை முடிப்பதற்குள் ஐம்பது அறுபது முறை அடித்துவிடுவார். ஐரோப்பாவில் போட்டிகளில் ஆடுகிறவர்கள் அதே மாதிரித் தடங்களை இருபத்துச் சொச்சத்தில் முடிக்கிறார்கள். அதாவது, பெரும்பாலான தடங்களில் முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய்விடுகிறது. அவர்கள் கைக்கு நம் கையைவிடப் பலம் அதிகம் என்று சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் பலத்துக்கு வேலையே இல்லை. தடத்தின் முன்னால் நின்று அவர்கள் பார்க்கிற பார்வைதான் வேறு.

மினி கோல்ஃப் என்றதும் சுழலும் காற்றாலையும் சிமெண்ட் டைனோசரும் நினைவுக்கு வரும். அது அமெரிக்க வழி. 1920-களின் பிற்பகுதியில் டென்னசி, ஜார்ஜியா எல்லையில் இருக்கும் லுக்அவுட் மலையில் கார்னெட் கார்ட்டர் என்ற விடுதிக்காரர் ‘டாம் தம்ப்’ என்ற பெயரில் தொடங்கியது, தேவதைக் கதைப் பொம்மைகளோடு அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஐரோப்பா வேறு பக்கம் போனது. பால் போங்னி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கான்கிரீட் தடங்களுக்கு அளவு வகுத்தார். அவருடைய முதல் மைதானம் 1954-இல் அஸ்கோனா நகரில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு தடமும் 12 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். இரு ஓரங்களிலும் இரும்புக் குழாய். பிறகு வந்த இன்னொரு வகை இதைவிடச் சிறியது: 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். இந்தத் தடங்களில் பொம்மையும் இல்லை, சுழலும் இறக்கையும் இல்லை. அசையாத மேடு, பள்ளம், வளைவு, தடுப்பு இவ்வளவுதான். உலக மினி கோல்ஃப் கூட்டமைப்பு அங்கீகரித்திருக்கும் தட வகைகளில் இவை இரண்டும் உண்டு. இவற்றில் ஆடக் கற்றுக்கொண்டவருக்கு டைனோசர் மைதானம் கஷ்டமாக இருக்காது.

விதிகள் கொஞ்சம்தான். ஆனால் எப்படி ஆட வேண்டும் என்பதை ஒவ்வொன்றும் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. ஒரு அடிக்கு ஒரு புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. ஒரு தடத்தில் ஆறு அடிகள்வரை அனுமதி. ஆறாவதிலும் பந்து விழவில்லை என்றால் ஒரு புள்ளி அபராதம் சேர்த்து 7 என்று எழுதிவிட்டு அடுத்த தடத்துக்குப் போக வேண்டும். ஆகவே 18 தடங்களில் மிகச் சிறந்த ஆட்டம் 18, மிக மோசமான ஆட்டம் 126.

அடுத்தது சிவப்புக் கோடு. போட்டித் தடங்களில் முதல் தடையைத் தாண்டியதும் குறுக்காக ஒரு கோடு இருக்கும். பந்து அதைத் தாண்டி நின்றால் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடி. தாண்டாமல் நின்றாலோ திரும்பி உருண்டு வந்தாலோ, அடித்த அடி கணக்கில் சேரும்; பந்து மறுபடி தொடக்க இடத்துக்குப் போய்விடும். மெதுவாக அடித்துத் தடைக்கு முன்னால் பந்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து நிதானமாக ஆடலாம் என்ற யோசனை இங்கே செல்லாது. முன்னால் தடை இருந்தால் தப்பு பலமான பக்கம் இருக்கட்டும். சில தடங்களில் தொடக்க இடத்தைத் தவிர வேறெங்கிருந்தும் ஆட முடியாது. எரிமலை போலக் கூம்பின் உச்சியில் குழி வைத்த தடம் அப்படிப்பட்டது. அதில் குறைவாக அடித்தாலும் கூடுதலாக அடித்தாலும் ஒரே தண்டனைதான்: திரும்பவும் முதலிலிருந்து.

மூன்றாவது, ஓரச்சட்டத்தை ஒட்டி நின்றுவிட்ட பந்து. அதை மட்டையால் சரியாக அடிக்க இடம் இருக்காது. ஆகவே சட்டத்திலிருந்து செங்குத்தாக உள்ளே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். போட்டித் தடங்களில் இதற்கென்றே கோடு போட்டிருப்பார்கள். பொழுதுபோக்கு மைதானங்களில் மட்டைத்தலையின் நீளம் என்று வைத்திருப்பார்கள். அபராதம் கிடையாது. பந்து தடத்தைவிட்டு வெளியே போனால் என்ன செய்வது என்பது மட்டும் மைதானத்துக்கு மைதானம் மாறும். வெளியேறிய இடத்தில் வைத்து ஆடச் சொல்வார்கள், பல இடங்களில் கூடவே ஒரு புள்ளி அபராதமும் உண்டு. நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு ஆரம்பித்தால் நடுவில் சண்டை வராது.

இனி தடத்துக்கு வருவோம். முதல் முறை ஆடுகிறவர் தொடக்க இடத்தில் நின்றபடி குழியைப் பார்ப்பார், நடுவில் இருக்கும் தடையைப் பார்ப்பார், அடிப்பார். அனுபவசாலி குழியின் பக்கம் போய் நின்று, அங்கிருந்து தொடக்க இடத்தைப் பார்ப்பார். பந்து எந்தத் திசையிலிருந்து, எந்த வேகத்தில் குழிக்கு வந்தால் விழும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வார். அந்த வேகத்தில் அந்தத் திசையில் வர, தடையைத் தாண்டும்போது பந்து எப்படி இருக்க வேண்டும்? அதற்கு எங்கே பார்த்து அடிக்க வேண்டும்? கணக்கு இப்படிப் பின்னோக்கிப் போகிறது.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. கோல்ஃப் குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். சரியாக நடுவில் வரும் பந்துகூட நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டருக்கு மேல் வேகமாக வந்தால், கீழே இறங்க நேரமில்லாமல் எதிர் விளிம்பில் இடித்து அப்பால் போய்விடும். நடுவிலிருந்து விலக விலக இந்த எல்லை இன்னும் குறையும். குழியின் ஓரமாக வரும் பந்து மெல்ல ஊர்ந்து வந்தால்தான் விழும். மெல்ல வரும் பந்துக்குக் குழி பெரிது, வேகமாக வரும் பந்துக்கு அதே குழி சிறிது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக, குழியின் வாயில் வந்து உயிரை விடுகிற வேகமும் நல்லதல்ல. கடைசிச் சில சென்டிமீட்டரில் ஒரு மணல் துகளே பந்தைத் திருப்பிவிடும். குழி இல்லாவிட்டால் ஒரு 30 சென்டிமீட்டர் தாண்டிப் போய் நிற்கும் என்கிற வேகம்தான் நல்ல வேகம்.

பக்கச் சரிவில் இந்த வேகம்தான் திசையைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். குழி 2 மீட்டர் தூரத்தில். தரை வலமிருந்து இடமாக, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறங்குகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத சரிவு. சாதாரணச் செயற்கைப் புல் விரிப்பில் அந்த 2 மீட்டரை 1 நொடியில் கடக்கும்படி அடித்தால் பந்து இடப்பக்கம் சுமார் 7 சென்டிமீட்டர் விலகும். ஆனால் குழிக்கு வரும்போது வேகம் அந்த 1.6 எல்லையை ஒட்டியிருக்கும். நூல் பிடித்தாற்போல் நடுவில் வந்தால்தான் விழும். 2 நொடியில் கடக்கும்படி மெதுவாக அடித்தால் விலகல் 28 சென்டிமீட்டர். நேரம் இரண்டு மடங்கானதும் விலகல் நான்கு மடங்காகிவிட்டது. தவிர, பந்து குழிக்கு அருகில் ஏறக்குறைய நின்றே போயிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நொடி வேகத்தில் அடித்தால் விலகல் சுமார் 16 சென்டிமீட்டர். குழி தவறினாலும் பந்து 30 சென்டிமீட்டர் தாண்டி நிற்கும். ஆகவே குழிக்கு வலப்பக்கம், மேட்டுப் புறத்தில், சுமார் 16 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியைக் கண்ணால் குறித்துக்கொண்டு அதை நோக்கி நேராக அடிக்க வேண்டும். குழியை மறந்துவிடலாம். வளைக்கிற வேலையைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. சரிவு இருக்கிறது என்று தெரிந்து மேட்டுப்பக்கம் குறி வைப்பார்கள். ஆனால் அடிக்கும் கணத்தில் கண் குழிக்குப் போய்விடும், கையும் கூடவே போய்விடும். பந்து பள்ளத்துப் பக்கமாகக் குழியைக் கடந்து போகும். பள்ளத்துப் பக்கம் தவறிய பந்து ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் குழியைவிட்டு இன்னும் விலகிக்கொண்டேதான் போகும். மேட்டுப் பக்கம் தவறிய பந்துக்கு விழ இன்னும் வாய்ப்பிருக்கிறது. வளைவு முழுதும் தடத்தில் சீராகப் பரவியிருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். பந்து வேகம் குறையும் கடைசிப் பகுதியில்தான் வளைவு கூடுதல். எனவே குழியைச் சுற்றியுள்ள கடைசி ஒரு மீட்டரின் சரிவு, தொடக்கத்தில் இருக்கும் சரிவைவிட முக்கியம். குனிந்து தரையோடு தரையாகப் பார்த்தும் சரிவு புரியவில்லை என்றால், மழைநீர் எங்கே தேங்கிய கறை இருக்கிறது, சருகும் மணலும் எந்த மூலையில் ஒதுங்கியிருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது.

ஏறி இறங்கும் மேட்டின் கதை வேறு. 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மேட்டில் உருண்டு ஏற, அடிவாரத்தில் பந்துக்கு நொடிக்குச் சுமார் 1.7 மீட்டர் வேகம் வேண்டும். இதைவிடக் குறைந்தால் திரும்பி வந்துவிடும். உச்சியில் மெல்லத் தத்தித் தாண்டினாலும், மறுபக்கம் இறங்கும்போது உயரம் மறுபடி வேகமாக மாறி ஏறத்தாழ அதே 1.7 கிடைத்துவிடும். அதாவது, எவ்வளவு நயமாக அடித்தாலும் மறுபக்க அடிவாரத்தில் பந்து குழி ஏற்கும் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் வரும். குழி அடிவாரத்தை ஒட்டியிருந்தால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. திசை ஒன்றுதான் உங்கள் கையில். ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் விரிப்பின் உராய்வில் வேகம் நொடிக்கு 1.1 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும், விழ வாய்ப்பு நன்றாகவே உண்டு. மேட்டைக் கண்டு பயந்து ஓங்கி அடிப்பவருக்கு இன்னொரு சங்கடம். உச்சியில் பந்து தரையைவிட்டு எழும்பி, குழியின் மேலாகவே பறந்துவிடும்.

இப்போது பேங்க் ஷாட். குழிக்கு நேர்வழி அடைபட்டிருக்கும்போது பந்தை ஓரச்சட்டத்தில் மோதவிட்டுத் திருப்புவது. கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்ட்ரைக்கரைப் பக்கக் கட்டையில் தட்டி, மறைந்திருக்கும் காயை எடுத்தவர்கள் எந்தக் கோணத்தில் போகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதை விரலால் அறிந்தவர்கள். அந்த அறிவு இங்கே பாதி வழிக்குத்தான் உதவும். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாதியை முடித்துக்கொள்வோம்.

1.2 மீட்டர் அகலமான ஒரு தடம். பந்து நடுவில், அதாவது இடது சட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. குழி 3 மீட்டர் முன்னால், அதே இடது சட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டரில். நேர்க்கோட்டில் ஒரு கல் தடுப்பு. அதற்கும் இடது சட்டத்துக்கும் நடுவே வழி இருக்கிறது. சட்டத்தில் எந்த இடத்தில் மோத வேண்டும்? பந்தின் தூரம் 60, குழியின் தூரம் 30. விகிதம் 2-க்கு 1. ஆகவே 3 மீட்டரையும் அதே விகிதத்தில் பிரித்தால், பந்திலிருந்து 2 மீட்டர் முன்னால் உள்ள இடமே மோதும் புள்ளி. சட்டத்தைக் கண்ணாடியாகப் பாவித்து, அதற்கு அப்பால் 30 சென்டிமீட்டரில் குழியின் பிம்பம் இருப்பதாக நினைத்து அதை நோக்கி அடித்தாலும் இதே புள்ளிதான் கிடைக்கும். பக்கத்துத் தடத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் பிம்பத்தைக் கற்பனை செய்வது கஷ்டம்; விகிதக் கணக்கு எனக்கு அதைவிடப் பிடித்தமானது. கறாராகச் சொன்னால், சட்டத்தைத் தொடுவது பந்தின் மையமல்ல, அதன் ஓரம். ஆகவே பந்தின் ஆரமான 2 சென்டிமீட்டரைக் கழித்து 58-க்கு 28 என்றுதான் கணக்கிட வேண்டும். போட்டுப் பார்த்தால் மோதும் புள்ளி 2 சென்டிமீட்டர்தான் முன்னே நகர்கிறது. விட்டுவிடலாம்.

விட முடியாதது வேறொன்று. இந்தக் கணக்குப்படி மிகச் சரியாக 2 மீட்டர் புள்ளியில் மோதினாலும் பந்து குழியில் விழாமல் போகலாம். பந்தின் ஓட்டத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: சட்டத்துக்கு இணையாக முன்னால் போவது ஒன்று, சட்டத்தை நோக்கிப் பக்கவாட்டில் போவது மற்றொன்று. மோதலில் முன்னோட்டம் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. பக்கவாட்டு ஓட்டத்தில்தான் ஒரு பங்கைச் சட்டம் விழுங்கிவிடுகிறது. திரும்பும் பந்து கண்ணாடிக் கணக்கு சொல்வதைவிடச் சட்டத்தை ஒட்டியே போகும். நம் தடத்தில் பந்து சட்டத்தை நோக்கி மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் நெருங்குகிறது. சட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கினால், மீட்டருக்கு 24 சென்டிமீட்டர்தான் விலகி வரும். மிச்சமிருக்கும் ஒரு மீட்டரில் குழி 30-இல் இருக்க, பந்து 24-இல் கடக்கிறது. 6 சென்டிமீட்டர் வித்தியாசம். குழியின் ஆரமோ 5.4. விளிம்பை உரசினாற்போலக் கடந்து போகும். ‘நூலிழையில் தப்பிவிட்டது’ என்று ஆடியவர் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். அடுத்த முறையும் அதே புள்ளியில் அடித்தால் அதே நூலிழையில்தான் தப்பும்.

திருத்தம் எளிது. மோதும் புள்ளியைத் தொடக்க இடத்தின் பக்கமாக இழுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு இழப்புக்கு இந்தத் தடத்தில் சரியான புள்ளி சுமார் 1.85 மீட்டர். அதாவது 15 சென்டிமீட்டர் முன்கூட்டியே மோதவிட வேண்டும். அப்படிச் செய்தால் பந்து சற்றுச் செங்குத்தாகப் போய் மோதி, இழந்த பங்குபோக மிச்சத்திலேயே குழிக்கு வந்து சேரும்.

கேரமின் அனுபவம் கைவிடும் இடம் இனிமேல்தான். ஸ்ட்ரைக்கர் பலகையில் சறுக்கிப் போகிறது. பந்து உருண்டு போகிறது. சட்டத்தில் மோதிய பந்தின் திசை மாறிவிடும், ஆனால் அதன் உருளலில் ஒரு பகுதி இன்னும் சட்டத்தை நோக்கியே இருக்கும். விரிப்பில் பட்டதும் அந்த மிச்ச உருளல் பந்தைச் சட்டத்தின் பக்கம் இழுக்கும். கூர்ந்து பார்த்தால் மோதியபின் முதல் ஒன்றிரண்டு சாண் தூரத்தில் பாதை லேசாக வளைவது தெரியும். இதுவும் பந்தைச் சட்டத்தோடு ஒட்டவே வைக்கிறது. தொடக்க இடத்துக்கு மிக அருகில் மோதும் பந்துக்கும் ஓங்கி அடித்த பந்துக்கும் இந்தத் தொல்லை குறைவு. மட்டைபட்ட உடனே பந்து சிறிது தூரம் சறுக்கிப் போகும், உருளத் தொடங்குவது அதன்பிறகுதான். சறுக்கும்போதே மோதிவிட்டால் கேரம் கோணம் ஓரளவு சரியாக வரும்.

இந்த இழப்பு எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது பந்தையும் சட்டத்தையும் பொறுத்தது. செங்கல் ஓரம், மரச்சட்டம், இரும்புக் குழாய் மூன்றும் மூன்று விதமாகத் திருப்பும். செங்கற்களின் இணைப்பில் பந்து பட்டால் எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. சட்டத்தின் மேல்விளிம்பு பந்தின் நடுவுயரத்துக்குக் கீழே இருந்தால் பந்து துள்ளி எழும். பழைய மைதானங்களில் விரிப்பின் ஓரம் சட்டத்தின் அருகே சுருண்டு மேலே ஏறியிருக்கும். அங்கே பந்து மோதுவதற்கு முன்பே வேகம் இழக்கிறது. ஆகவே அடிப்பதற்குமுன் செய்ய வேண்டிய வேலை, குறி வைத்த புள்ளிக்கு நடந்துபோய் அந்த ஒரு சாண் சட்டத்தைப் பார்ப்பது. அங்கே இணைப்போ சுருக்கமோ இருந்தால் எதிர்ச் சட்டத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

இழப்பைக் கண்டறிய ஒரு வழி உண்டு. உங்களுக்கு முன்னால் ஆடுகிறவரின் பந்து சட்டத்தில் மோதும்போது குழியைப் பார்க்காதீர்கள். எங்கே மோதியது, ஒரு மீட்டர் தள்ளிச் சட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் கடந்தது, இவை இரண்டையும் பாருங்கள். இரண்டு மூன்று தடங்களில் பார்த்தால் அந்த மைதானத்தின் குணம் பிடிபட்டுவிடும். ஒருவர் குழியை முடித்த பிறகுதான் அடுத்தவர் அடிக்க வேண்டும் என்பது ஆட்ட முறை. வரிசையில் கடைசியாக நிற்பது பெரிய அனுகூலம். குடும்பத்தோடு போனால் முதலில் அடிக்கக் குழந்தைகள் முண்டியடிப்பார்கள். பெருந்தன்மையோடு விட்டுக்கொடுங்கள்!

இரண்டு சட்டங்களில் மோதி வரும் அடியை நான் பொதுவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் மோதலின் பிழையை இரண்டாவது மோதல் பெருக்கிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு, செங்கோண மூலை. மூலையின் அருகே பக்கச் சட்டத்திலும் உடனே பின்சட்டத்திலும் மோதும் பந்து, வந்த பாதைக்கு இணையாகவே திரும்பிப் போகும். சட்டங்கள் விழுங்கும் பங்கு இங்கே தொல்லை தருவதில்லை. முதல் சட்டம் பக்கவாட்டு ஓட்டத்தைக் குறைக்கிறது, பின்சட்டம் முன்னோட்டத்தை அதே அளவு குறைக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் வேகம்தான் போகிறது, திசை கெடுவதில்லை. தடுப்புக்கு நேர் பின்னால் குழி ஒளிந்திருக்கும் தடத்தில் மூலையில் மோதவிட்டு, திரும்பி வரும் பந்தைப் பின்பக்கமாக விழவைக்க இதைப் பயன்படுத்தலாம். உருளலின் இழுப்பு இங்கேயும் கொஞ்சம் இருக்கும். ஆகவே மோதல்கள் மூலைக்கு நெருக்கமாக இருப்பது நல்லது.

பேங்க் ஷாட் எப்போது வேண்டாம்? அடிக்கும் திசையில் ஒரு டிகிரி பிசகினால் 3 மீட்டர் தூரத்தில் பந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். அது குழியின் ஆரத்துக்குச் சமம். நேராக அடித்தாலும் இதே பிழைதான். ஆனால் பேங்க் ஷாட்டில் சட்டத்தின் குணம் தருகிற பிழையும் கூடச் சேர்கிறது. ஆகவே நேர்வழி குறுகலாக இருந்தாலும் திறந்திருந்தால், தடுப்பின் இடைவெளி பந்தைப் போல மூன்று மடங்கு இருந்தால்கூட, நேர்வழிதான் மேல். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்போது ‘தவறினால் பந்து எங்கே போய் நிற்கும்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் உதாரணத் தடத்தில் குழிக்குப் பின்னால் அரை மீட்டரில் பின்சட்டம் இருந்தால், தவறிய பந்து அதில் தட்டிக் குழிக்கு அருகிலேயே நிற்கும். இரண்டாவது அடி நிச்சயம். நேராகப் போய்த் தடுப்பில் இடித்த பந்தோ தொடக்க இடத்தை நோக்கித் திரும்பி வரும். சிவப்புக் கோடு இருந்தால் ஓர் அடி வீண்.

காற்றாலையைப் பற்றி நான்கு வாக்கியம் போதும். பார்ப்பதற்குப் பயமுறுத்தினாலும் மைதானத்திலேயே எளிய தடை அதுதான், ஏனென்றால் அது ஒரே தாளத்தில் சுற்றுகிறது. நான்கு இறக்கைகளும் 8 நொடியில் ஒரு சுற்று வந்தால் 2 நொடிக்கு ஒரு முறை வாசல் அடைபடும். பந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடி ஆகுமென்றால், ஓர் இறக்கை வாசலை மூடுவதற்கு அரை நொடி முன்னால் அடிக்க வேண்டும், அது மூடித் திறந்து ஒரு நொடி கழித்து நட்ட நடு இடைவெளியில் பந்து நுழையும். வாசல் திறந்திருப்பதைப் பார்த்து அடிப்பவர்கள்தான் அடுத்த இறக்கையில் மாட்டுகிறார்கள்.

கடைசியாகப் பந்து. போட்டி விதிப்படி அதன் விட்டம் 37 முதல் 43 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 85 சென்டிமீட்டருக்கு மேல் எழக் கூடாது. இந்த எல்லைக்குள், களிமண் உருண்டை போலத் துள்ளவே துள்ளாத பந்திலிருந்து ரப்பர் பந்துபோலத் துள்ளுவதுவரை நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. போட்டி ஆட்டக்காரர்கள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தடத்துக்குத் தடம் பந்தை மாற்றுவார்கள். சட்டத்தில் மோத வேண்டிய தடத்துக்குத் துள்ளும் பந்து, மோதிய இடத்திலேயே அடங்க வேண்டிய தடத்துக்குத் துள்ளாத பந்து. அடுத்த தடத்துக்கான பந்தைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடு காப்பவர்களும் உண்டு, குளிர்ந்த பந்து குறைவாகத் துள்ளும் என்பதால். வாடகைக் கூடையில் நமக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் பிடித்த நிறத்தைப் பார்த்து எடுக்காமல், இரண்டு மூன்று பந்துகளை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். நன்றாக எழும்புவதை எடுத்துக்கொண்டு, 18 தடங்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் சட்டம் விழுங்கும் பங்கை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டிவரும்.